விறைப்பான வகைக்கெழுச் சமன்பாடுகள்: முன்னோக்கிப் போனால் ஏன் சிதறுகிறது, பின்னோக்கிக் கணித்தால் ஏன் அடங்குகிறது

ஒரு சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். இதன் விடை நமக்கு முன்கூட்டியே தெரியும்:

```
y' = -1000 (y - cos t) - sin t,    y(0) = 1
```

விடை y = cos t. போட்டுப் பார்த்தால் அடைப்புக்குறிக்குள் இருப்பது பூஜ்யமாகி, -sin t மட்டும் மிஞ்சும். cos t-யின் வகைக்கெழுவும் அதுதான். t = 0-இலிருந்து t = 1 வரை இந்த வளைவு 1-இலிருந்து 0.5403-க்கு மெதுவாக இறங்குகிறது. கூர்மையான திருப்பமோ வேகமான அசைவோ எதுவும் இல்லை. பத்துப் புள்ளிகள் வைத்துக் கையால்கூட வரைந்துவிடலாம்.

இவ்வளவு சாதுவான வளைவைக் கணிக்க முன்னோக்கு ஆய்லர் முறைக்குக் குறைந்தது 500 படிகள் தேவை. பின்னோக்கு ஆய்லருக்குப் பத்தே போதும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை இந்த ஒரே சமன்பாட்டை வைத்து எண் எண்ணாகப் பார்க்கலாம்.

## 1. முதலில் சிதறலைக் கண்ணால் பாருங்கள்

முன்னோக்கு ஆய்லர் என்பது எல்லோரும் முதலில் கற்கும் முறை. இப்போது நிற்கும் இடத்தில் சாய்வு என்ன என்று பார்த்து, அந்தச் சாய்விலேயே h நீளத்துக்கு நேராக நடப்பது. படி நீளம் h = 0.01 என்று வைத்து ஓட்டுவோம்:

```python
from math import cos, sin

def f(t, y):
    return -1000*(y - cos(t)) - sin(t)

h, t, y = 0.01, 0.0, 1.0
for n in range(8):
    y = y + h*f(t, y)
    t = t + h
    print(round(t, 2), y)
```

வரும் எண்கள் தோராயமாக இவை:

```
0.01      1.0000
0.02      0.9994
0.03      1.0032
0.04      0.9664
0.05      1.2940
0.06     -1.659
0.07     24.91
0.08   -214.2
```

பத்தாவது படியில் மதிப்பு சுமார் -17,400. உண்மையான விடையோ அங்கே 0.995.

இதை முதல் முறை பார்த்தபோது குறியீட்டில் எங்கோ கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டிருப்பேன் என்று நினைத்து ஒரு மாலை முழுக்கத் தேடினேன். குறியீட்டில் தவறு இல்லை. இந்தப் பட்டியலிலேயே நோயின் அடையாளம் இருக்கிறது: ஐந்தாவது படியிலிருந்து பாருங்கள், மதிப்பு ஒரு படி மேலே, ஒரு படி கீழே என்று மாறி மாறித் தாவுகிறது. ஒவ்வொரு தாவலும் முந்தையதைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. குறி மாறிக்கொண்டே பெருகும் இந்த ஊசலைப் பார்த்தால் முதலில் படி நீளத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

## 2. அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது

கணித்த மதிப்புக்கும் உண்மையான விடைக்கும் உள்ள வித்தியாசத்தை e என்போம். அதாவது e = y - cos t. முன்னோக்கு ஆய்லரின் சூத்திரத்தில் y-க்குப் பதிலாக cos t + e என்று போட்டுச் சுருக்கினால் கிடைப்பது:

```
e(n+1) = (1 - 1000 h) e(n) + d(n)
```

இதில் d என்பது அந்த ஒரு படியில் புதிதாகச் சேரும் பிழை; வளைவை நேர்கோடாக எடுத்துக்கொண்டதன் விலை. அதன் அளவு ஏறக்குறைய h²/2. நமக்கு h = 0.01, ஆகவே d வெறும் 0.00005. சிறிய எண்தான், தொல்லை அதனால் இல்லை. பழைய பிழையைப் பெருக்கும் (1 - 1000h) என்ற காரணியைப் பாருங்கள். h = 0.01-க்கு அது -9. முதல் படியில் நுழைந்த 0.00005 அடுத்த படியில் -9 மடங்கு, அதற்கடுத்து 81 மடங்கு, அப்புறம் -729 மடங்கு. ஏழெட்டுப் படிகளில் அது விடையையே விழுங்கிவிடுகிறது.

பிழை பெருகாமல் இருக்க வேண்டுமானால் இந்தக் காரணி -1-க்கும் +1-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அப்படியானால் h அதிகபட்சம் 0.002. இந்த வரம்பு சற்றும் இளக்கம் இல்லாதது. h = 0.0019 என்றால் காரணி -0.9, பிழை தானாகத் தேய்ந்துவிடும், விடை அழகாக வரும். h = 0.0021 என்றால் காரணி -1.1; t = 1-ஐ எட்டுவதற்குள் 476 படிகளில் பிழை பத்து டிரில்லியனைத் தாண்டிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பல பாடங்களில் விறைப்பை விளக்கும்போது, விடையில் ஒரு வேகமான பகுதியும் ஒரு மெதுவான பகுதியும் கலந்திருக்கின்றன, வேகமான பகுதியைப் பின்தொடரத்தான் சிறிய படி தேவை என்று சொல்வார்கள். நம் விடையில் வேகமான பகுதியே இல்லை. சரியாக வளைவின் மேலேதான் தொடங்கினோம். வேகம் இருப்பது வளைவில் அல்ல, வளைவைச் சுற்றி. வளைவிலிருந்து கொஞ்சம் விலகி ஒரு புள்ளியை வைத்தால், அங்குள்ள சாய்வு அந்த விலகலைப் போல ஆயிரம் மடங்கு செங்குத்தாக வளைவை நோக்கி இழுக்கிறது. உண்மையான தீர்வு அந்த இழுப்புக்கு ஆட்பட்டு 0.001 அளவு நேரத்தில் வளைவோடு சேர்ந்துவிடும். முன்னோக்கு ஆய்லர் அந்தச் செங்குத்தான சாய்விலேயே 0.01 நேரத்துக்கு நேராகப் போகிறது; வளைவைக் கடந்து மறுபுறம் ஒன்பது மடங்கு தூரத்தில் போய் விழுகிறது. அங்கே சாய்வு எதிர்த்திசையில் இன்னும் செங்குத்து.

ஆகவே விறைப்பு என்றால் இதுதான்: விடை கேட்கும் படி நீளம் ஒன்று, நிலைப்புத்தன்மை கேட்கும் படி நீளம் வேறொன்று, இரண்டாவது முதலாவதைவிட வெகு சிறியது. 1952-இல் கர்டிஸ், ஹிர்ஷ்ஃபெல்டர் இருவரும் இத்தகைய சமன்பாடுகளுக்கு ஸ்டிஃப் என்ற சொல்லைப் பயன்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் காட்டிய வழியும் பின்னோக்கிக் கணிப்பதுதான்.

## 3. பின்னோக்கு ஆய்லரை எழுதுவது

மாற்றம் ஒரே இடத்தில்தான். சாய்வை நிற்கும் இடத்தில் எடுக்காமல், போய்ச் சேரும் இடத்தில் எடுக்கிறோம்:

```
y(n+1) = y(n) + h f( t(n+1), y(n+1) )
```

போய்ச் சேரும் இடமே தெரியாதபோது அங்குள்ள சாய்வை எப்படி எடுப்பது? y(n+1) இரு பக்கமும் இருக்கிறது. எனவே இது இனி ஒரு சூத்திரமல்ல, தீர்க்க வேண்டிய ஒரு சமன்பாடு. நம் எடுத்துக்காட்டு y-யில் நேரியல் என்பதால் கையாலேயே தீர்த்துவிடலாம். y(n+1) இருக்கும் உறுப்புகளை எல்லாம் இடப்பக்கம் கொண்டுவந்து வகுத்தால் போதும்:

```python
h, t, y = 0.1, 0.0, 1.0
for n in range(10):
    t = t + h
    y = (y + h*(1000*cos(t) - sin(t))) / (1 + 1000*h)
    print(round(t, 1), y)
```

படி நீளத்தை இப்போது பத்து மடங்கு கூட்டி 0.1 ஆக்கியிருக்கிறேன். முன்னோக்கு முறையின் வரம்பைப் போல ஐம்பது மடங்கு. பத்தாவது படியில் கிடைப்பது 0.54027. உண்மை விடை 0.54030.

(இவ்வளவு துல்லியம் எப்போதும் கிடைக்காது. cos t சமன்பாட்டுக்குள்ளேயே எழுதியிருக்கிறது, 1000 என்ற இழுப்பு நம்மை அதோடு ஒட்ட வைக்கிறது. விறைப்பில்லாத ஒரு சமன்பாட்டில் இதே முறை h = 0.1-க்கு இரண்டாம் தசமத்திலேயே பிழை காட்டலாம். இங்கே நிரூபணமானது நிலைப்புத்தன்மை. துல்லியம் தனிக் கணக்கு.)

பிழைக்கு முன்போலவே சுருக்கினால்:

```
e(n+1) = ( e(n) + d(n) ) / (1 + 1000 h)
```

h = 0.1-க்கு வகுப்பி 101. பழைய பிழை ஒவ்வொரு படியிலும் நூற்றொன்றில் ஒரு பங்காகிறது. h எவ்வளவு பெரிதோ அவ்வளவு பலமாக அது ஒடுங்குகிறது. வகுப்பி எந்த நேர் h-க்கும் 1-ஐவிடப் பெரிதுதான் என்பதால் நிலைப்புத்தன்மைக்காக h-க்கு வரம்பே கிடையாது.

## 4. ஏன் இப்படி நடக்கிறது

சூத்திரம் சரியென்று காட்டிவிட்டது. ஆனால் காரணம் மனதில் பதிய, பின்னோக்கு ஆய்லரை இப்படித் திருப்பி எழுதிப் பாருங்கள்:

```
y(n) = y(n+1) - h f( t(n+1), y(n+1) )
```

இது முன்னோக்கு ஆய்லரேதான், நேரத்தில் பின்னால் நடக்கிறது. முறை கேட்கும் கேள்வி இது: "எந்தப் புள்ளியிலிருந்து அதன் சொந்தச் சாய்வில் h நேரம் பின்னால் நடந்தால், நான் இப்போது நிற்கும் இடத்துக்கு வந்து சேர்வேன்?"

இப்போது எதிர்காலத்தில் வளைவிலிருந்து சற்று விலகி ஒரு புள்ளியை வைத்துப் பின்னால் நடந்து பாருங்கள். நேரம் முன்னே போகும்போது எல்லாத் தீர்வுகளும் வளைவை நோக்கிக் கூடுகின்றன. பின்னே போகும்போது எல்லாம் வளைவை விட்டுச் சிதறி ஓடுகின்றன. விலகல் 0.01 என்றால், பின்னால் ஒரு படி நடந்ததும் அது 101 மடங்காகி 1.01 ஆகிவிடும். நாம் நிற்கும் இடம் வளைவிலிருந்து 1 அளவு விலகியிருந்தால், பின்னால் நடந்து சரியாக இங்கே வரக்கூடிய எதிர்காலப் புள்ளி வளைவிலிருந்து 0.0099 தூரத்தில்தான் இருக்க முடியும். அதைவிடத் தள்ளியிருக்கும் எந்தப் புள்ளியும் பின்னால் நடந்தால் நம்மைத் தாண்டி எங்கோ போய்விடும். எந்தப் பெருக்கம் முன்னோக்கு முறையைச் சிதறடித்ததோ, அதே பெருக்கத்தைத் தலைகீழாக எடுப்பதால்தான் பின்னோக்கு முறை ஒடுங்குகிறது. இழுப்பு 1000-க்குப் பதில் பத்து இலட்சமாக இருந்தால் ஒடுக்கமும் அந்த அளவுக்குக் கூடும்.

இதைச் சோதிக்க y(0) = 2 என்று வளைவுக்கு வெளியே தொடங்குங்கள். h = 0.1-இல் விலகல் 1 என்பது முதல் படியில் 0.01-ஐ ஒட்டியும், இரண்டாம் படியில் 0.00005-ஐ ஒட்டியும் வந்துவிடும். உண்மையில் அந்த விலகல் 0.1 நேரத்துக்குள் கிட்டத்தட்ட முழுக்க மறைந்திருக்கும். வேகமான அந்தச் சரிவு எப்படி நடந்தது என்பதைப் பின்னோக்கு முறை உண்மையாகக் காட்டவில்லை. அது முடிந்துவிட்டது என்பதை மட்டும் சரியாகச் சொல்கிறது. சரிவின் வடிவமே தேவையென்றால் அந்தச் சிறு இடைவெளிக்கு மட்டும் சிறிய படி வைக்க வேண்டியதுதான். வேறு குறுக்குவழி இல்லை.

## 5. நேரியல் அல்லாத சமன்பாடு: நியூட்டன் இல்லாமல் நகராது

நிஜமான கணக்குகளில் y(n+1)-ஐக் கையால் பிரித்தெடுக்க முடியாது. 1966-இல் ராபர்ட்சன் கொடுத்த வேதிவினைக் கணக்கு இன்றும் விறைப்பு முறைகளுக்கு உரைகல்லாக இருக்கிறது. மூன்று பொருள்கள், வினைவேகங்கள் 0.04, 10,000, 3 கோடி:

```
a' = -0.04 a + 1e4 b c
b' =  0.04 a - 1e4 b c - 3e7 b²
c' =  3e7 b²
```

தொடக்கத்தில் a = 1, மற்ற இரண்டும் 0. t = 40-இல் a சுமார் 0.7158, b வெறும் 0.0000092, c சுமார் 0.2842. b-யின் மதிப்பு சிறியது, ஆனால் அதை இழுக்கும் வேகம் அங்கே ஏறக்குறைய 3,400. முன்னோக்கு ஆய்லர் 0.0006 அளவு படியில்தான் நகர முடியும்; t = 40 போய்ச் சேர அறுபதாயிரம் படிகளுக்கு மேல் ஆகும்.

பின்னோக்கு ஆய்லரில் ஒவ்வொரு படிக்கும் மூன்று சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்க வேண்டும். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஒரு ஊகத்தை வலப்பக்கத்தில் போட்டு, வந்ததைத் திரும்ப வலப்பக்கத்தில் போட்டு, மாறாமல் நிற்கும் வரை சுற்றினால் போதுமே என்று தோன்றும். அப்படிச் சுற்றும்போது ஊகத்தின் பிழை ஒவ்வொரு சுற்றிலும் h × இழுப்பு என்ற அளவால் பெருக்கப்படுகிறது. நம் முதல் எடுத்துக்காட்டில் h = 0.1 என்றால் அது 100 மடங்கு. சுற்று ஒடுங்க வேண்டுமானால் h 0.001-க்குக் கீழே இருக்க வேண்டும். முன்னோக்கு முறையின் வரம்பைவிடவும் மோசம். முறை நிலையானதுதான், ஆனால் அதைத் தீர்த்த விதம் அந்த நன்மையை அழித்துவிடுகிறது.

நியூட்டன் முறைக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அது சாய்வின் மாற்றத்தை, அதாவது ஜகோபியன் அணியை, நேரடியாகக் கணக்கில் எடுக்கிறது:

```python
import numpy as np

def F(y):
    a, b, c = y
    p, q, r = 0.04*a, 1e4*b*c, 3e7*b*b
    return np.array([-p + q, p - q - r, r])

def J(y):
    a, b, c = y
    return np.array([[-0.04,  1e4*c,          1e4*b],
                     [ 0.04, -1e4*c - 6e7*b, -1e4*b],
                     [ 0.0,   6e7*b,          0.0]])

def step(y, h):
    Y = y.copy()
    for k in range(20):
        d = np.linalg.solve(np.eye(3) - h*J(Y), y + h*F(Y) - Y)
        Y = Y + d
        if max(abs(d)) < 1e-10:
            return Y
    raise RuntimeError("Newton did not converge")
```

h = 0.1 வைத்து 400 முறை `step` அழைத்தால் a-யின் மதிப்பு 0.716 என்ற அளவில் வரும். இரண்டு சோதனைகளைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, a + b + c எப்போதும் 1-ஆக இருக்க வேண்டும். மூன்று சமன்பாடுகளின் வலப்பக்கங்களைக் கூட்டினால் பூஜ்யம் வருவதைப் பார்க்கலாம். இது கலைந்தால் F அல்லது J-யில் ஏதோ தவறாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது, b எதிர்மறையாகக் கூடாது. b² இருப்பதால் ஒவ்வொரு படிக்கும் இயற்பியலில் பொருளில்லாத இன்னொரு தீர்வும் உண்டு. நியூட்டன் மோசமான ஊகத்திலிருந்து கிளம்பினால் அதில் போய் நிற்கக்கூடும். அப்படி நடந்தால் h-ஐப் பாதியாக்கித் திரும்பச் செய்யுங்கள்.

விலை என்ன? ஒரு படிக்குச் சில அணித் தீர்வுகள். மூன்று சமன்பாடுகளுக்கு அது பெரிதல்ல. ஆயிரக்கணக்கில் இருந்தால் அணியைத் தீர்க்கும் வேலைதான் மொத்த நேரத்தையும் தின்னும். அதனால்தான் நல்ல நிரல்கள் ஜகோபியனை ஒவ்வொரு படியிலும் புதிதாகக் கணிக்காமல் பழையதையே முடிந்தவரை பயன்படுத்துகின்றன.

## 6. உங்கள் சமன்பாடு விறைப்பானதா என்று எப்படித் தெரியும்

இன்றைய நிரல்கள் படி நீளத்தைத் தாமே கூட்டிக் குறைப்பதால், முதல் பகுதியில் பார்த்த சிதறல் வெளியே தெரியாது. பிழை வளரத் தொடங்கியதும் அவை h-ஐக் குறைத்துவிடும். விடை சரியாக வரும், ஆனால் முடிவே இல்லாமல் ஓடும். எனவே தேட வேண்டிய அறிகுறி, விடை மென்மையாக இருக்கும் இடத்திலும் படி நீளம் வளராமல் நிற்பது.

உறுதி செய்ய நான் நம்பும் சோதனை இது. SciPy-யின் `solve_ivp`-இல் முன்னோக்கு முறையான `RK45` வைத்து, பிழை வரம்பான `rtol`-ஐ 1e-6, பிறகு 1e-3 என்று இரு முறை ஓட்டி, `len(sol.t)`-ஐ ஒப்பிடுங்கள் (`atol`-ஐயும் அதற்கேற்பத் தளர்த்துங்கள்). துல்லியம்தான் படியை நிர்ணயிக்கிறது என்றால், ஆயிரம் மடங்கு தளர்த்தியதும் படிகள் நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டும். ஏறக்குறைய அதே எண்ணிக்கை நின்றால், படியை நிர்ணயிப்பது நிலைப்புத்தன்மை. அதே கணக்கை `BDF` அல்லது `Radau` என்று மாற்றி ஓட்டினால் படிகள் சட்டென விழுவதைப் பார்ப்பீர்கள்.

உயர்ந்த வரிசையில் இருக்கும் முன்னோக்கு முறைக்கு மாறினால் தப்பிக்கலாமா? முடியாது. நான்காம் வரிசை ருங்கே-குட்டாவுக்கு h × இழுப்பின் வரம்பு 2-இலிருந்து சுமார் 2.8-ஆக உயர்கிறது, அவ்வளவுதான்.

## 7. பின்னோக்கு முறை ஏமாற்றும் இடங்கள்

பின்னோக்கு ஆய்லர் முதல் வரிசை முறை. h-ஐப் பாதியாக்கினால் பிழையும் பாதிதான் ஆகும். அதனால் இரண்டாம் வரிசையான சரிவக முறைக்குப் போகலாம் என்று தோன்றும். இரு முனைகளின் சாய்வையும் சராசரி எடுப்பது அது. தால்குவிஸ்ட் 1963-இல் காட்டியபடி, எந்த h-க்கும் நிலையாக இருக்கும் நேரியல் பல்படி முறைகள் இரண்டாம் வரிசைக்கு மேல் போக முடியாது. அவற்றில் சரிவக முறைதான் மிகத் துல்லியமானது. ஆனால் நம் எடுத்துக்காட்டில் h = 0.1-க்கு அதன் காரணி -49/51, அதாவது -0.96. y(0) = 2-இல் தொடங்கினால், பத்துப் படிக்குப் பிறகும் விலகலில் 0.67 மிச்சம் இருக்கும். அதுவும் மேலும் கீழும் ஊசலாடிக்கொண்டு. நிலையாக இருப்பது ஒன்று, வேகமான பகுதியை அழிப்பது வேறு. தொடக்கத்தில் இரண்டு மூன்று படிகளைப் பின்னோக்கு ஆய்லரில் எடுத்து, அப்புறம் சரிவக முறைக்கு மாறினால் இந்த ஊசல் வராது.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் கண்ணுக்கு அழகாகத் தெரியும். தேயாமல் ஆட வேண்டிய ஒரு ஊசலை, y'' = -y என்பதை, பின்னோக்கு ஆய்லரில் h = 0.1 வைத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் வீச்சு √1.01-ஆல் வகுபடும். ஒரு முழுச் சுற்றுக்குள் வீச்சில் 27 சதவீதம் காணாமல் போகும். வெளியீட்டில் எந்தச் சிதறலும் இல்லை, உராய்வோடு ஆடும் ஊசல் மாதிரி மென்மையாகத் தேய்கிறது; சமன்பாட்டிலோ உராய்வே கிடையாது. y' = 5y போல வளர வேண்டிய தீர்வும் h = 0.4-ஐத் தாண்டினால் இந்த முறையில் தேயத் தொடங்கிவிடும். இந்த இரண்டையும் பிடிக்க h-ஐப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். விறைப்பான பகுதி ஒடுங்குவதால் விடை மாறாது. செயற்கையாகத் தேய்ந்தது மட்டும் கண்ணுக்குத் தெரியுமளவு மாறும்.